புதுப்பிப்பு: 'பெர் மை லாஸ்ட் ஈமெயில்' விஷயம்

நான் முதல் கேட்டது: "லண்டன் ஒபிஸ்காரர் 'பெர் மை லாஸ்ட் ஈமெயில்' எண்டு எழுதினவர், நக்கலோ?"

மொழிபெயர்ப்பு செய்யிற அக்கா ஒராள் சொன்னதுதான் சரி, நான் அதைத் தமிழில 'முந்தின மெயிலில சொன்னமாதிரி' எண்டு வாசிச்சபடியா சாதாரணமாப் பட்டது, இங்கிலிஷில அது கனதரம் 'நீ வாசிக்கேல்லையோ' எண்ட குத்தல். பழைய மெயிலைத் திறந்து பாத்தன், நான் அவரிட்டக் கேட்ட திகதி அதிலயே கிடக்கு.

மறுபக்கம் இன்னும் மோசம். லண்டன்காரர் பிந்தி அனுப்பின பைலுக்கு எங்கட மனேஜர் 'நல்லாத்தான் செய்தியள்' எண்டு நக்கலாச் சொன்னதை நான் 'யூ டிட் வெல்' எண்டு அனுப்ப, அவர் சந்தோசமா நன்றி எழுதினார். 'தான்' வந்தாலே நக்கல் எண்டு தம்பி ஒராள் எழுதினவர், அது பாதிதான் சரி, 'நேற்றுத்தான் வந்தது' எண்டதில என்ன நக்கல், பிழைச்ச வேலையைப் புகழேக்க வந்தாத்தான் குத்தும்.

மனுசி 'ஓகே' எண்டு மட்டும் போட்டதைப் பற்றிக் கேட்ட அண்ணை, அது எனக்குத் தெரியேல்ல. லண்டன்காரருக்குக் கோவமோ எண்டும் இன்னும் விளங்கேல்ல, மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறன்.