எஸ்ப்ரெசோ மெஷின் இல்லாம அஃபகாட்டோ, காபி ஜெல்லி: ஃபில்டர் டிகாஷன் தாங்குமா?

சுதா_கோவை:
வீட்ல மெஷின் எதுவும் இல்ல, எவர்சில்வர் ஃபில்டர் மட்டும்தான். அதுல இறங்குற டிகாஷன வச்சே அஃபகாட்டோவும் காபி ஜெல்லியும் பண்ணலாமா, இல்ல எஸ்ப்ரெசோ மாதிரி ஒண்ணு இருந்தாத்தான் சரிவருமா? பொடி சிக்கரி கலந்தது. எங்க வீட்டுக்காரர் மோகா பாட் வாங்கியே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார்.

மோகா_மணி:
சார் சொல்றதுதான் கரெக்ட். அஃபகாட்டோன்னா வெனிலா ஜெலாட்டோ, அதுமேல எஸ்ப்ரெசோ, அவ்ளோதான் மொத்த சமாச்சாரமும். இருக்குறதே ரெண்டு ஐட்டம், அதுல ஒண்ண மாத்திட்டா அப்புறம் எதுக்கு அந்தப் பேரு? மோகா பாட்ல வர்றதும் எஸ்ப்ரெசோதான், அதே ஒம்போது பார் பிரஷர். ஃபில்டர்ல தானா சொட்டுற டிகாஷன்ல பிரஷரும் கிடையாது க்ரீமாவும் கிடையாது, பத்தாததுக்கு சிக்கரி வேற. அத ஐஸ்க்ரீம்ல ஊத்தினா காபி ஃப்ளேவர் ஐஸ்க்ரீம்னு வேணா சொல்லிக்கலாம்.

பித்தளை_ஃபில்டர்:
மணி, மோகாவுல ஒம்போது பார் எங்கப்பா வருது? ஒண்ணு, ஒன்றரை பார் அளவுதான், அதுக்கு ரொம்ப மேல போனா சைடுல இருக்குற சேஃப்டி வால்வு எதுக்கு இருக்கு. க்ரீமாவும் ஐஸ்க்ரீம் மேல பட்ட அடுத்த நிமிஷம் காணாமப் போயிடும்.

சுதாம்மா, இதுல பிரஷர விட அளவுதான் விஷயம். ஒரு ஸ்கூப் ஐஸ்க்ரீம் 60, 70 கிராம் இருக்கும். அதுமேல நல்ல சூடான காபி 30 மில்லி ஊத்தினா பாதிக்குக் கொஞ்சம் மேல உருகி அடியில சாஸ் மாதிரி நிக்கும், நடுவுல ஒரு கட்டி மிஞ்சும், அத ஸ்பூனால எடுத்துச் சாப்பிடுறதுதான் சுகம். சாதா காபி மாதிரி ஒரு டம்ளர் ஊத்தினா கட்டியே மிஞ்சாது, இனிப்பா ஆறிப்போன பால் காபிதான் கிடைக்கும். அதனால 30, 40 மில்லிக்கு மேல ஊத்தவே முடியாது, அந்தக் கொஞ்சத்துலயே ஐஸ்க்ரீமோட சக்கரையையும் கொழுப்பையும் தாண்டி காபி தெரியணும். எஸ்ப்ரெசோ அதுக்குத்தான் வேண்டியிருக்கு. ஃபில்டர்ல அந்த அடர்த்தி வந்துச்சுன்னா அதுவும் அதே வேலையச் செய்யும்.

வர வைக்கிறது எப்படின்னா, தினசரி காபிக்குப் போடுற கணக்க மறந்துடுங்க. 30 கிராம் பொடி, அதாவது கோபுரமா நாலஞ்சு டேபிள்ஸ்பூன். தட்டால லேசா அழுத்துங்க, இறுக்கி அமுக்கிட்டா இறங்காம மூச்சுத் திணறும், சிக்கரி பொடின்னா இன்னும் மோசம். கொதி அடங்கின தண்ணி 120 மில்லி மட்டும். பொடியே அதுல பாதிய குடிச்சிடும், கீழ 60 மில்லி சுமாரா வரும், ரெண்டு கப்புக்கு அது போதும். மேல இன்னும் தண்ணி ஊத்தணும்னு கை பரபரக்கும், ஊத்தாதீங்க. ரெண்டாம் டிகாஷன் இதுக்கு ஆகவே ஆகாது.

ரவி_தோஹா:
எதுக்கு இவ்ளோ கஷ்டம் அக்கா, காபிய போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சு ஐஸ்க்ரீமோட மிக்ஸில ரெண்டு சுத்து சுத்துங்க, மேல சாக்லேட் சிரப். சூப்பரா இருக்கும்.

மோகா_மணி:
ப்ரோ அது கோல்ட் காபி. அவங்க கேட்டது வேற.

ரவி_தோஹா:
ஓ, சரி சரி. அப்போ இன்ஸ்டன்ட் போட்டா ஆகாதா? நான் ரூம்ல ரெண்டு ஸ்பூன் இன்ஸ்டன்ட்ட ரெண்டு மூணு ஸ்பூன் சுடுதண்ணில கரைச்சு ஊத்திதான் சாப்பிடுவேன், இங்க ஃபில்டருக்கு எங்க போறது.

பித்தளை_ஃபில்டர்:
ஆகும் தம்பி. அடர்த்தின்னு மட்டும் பாத்தா நீ கரைக்கிறது என் டிகாஷனயே தாண்டிடும், ஏன்னா அதுல வடிகட்டி வெளிய போறது எதுவும் இல்ல, போட்டது மொத்தமும் கப்புக்குள்ள. வாசனைதான் கம்மி, கசப்பு கொஞ்சம் தட்டையா நிக்கும். ஜெல்லிக்கு தாராளமா போடலாம்.

மோகா_மணி:
சரி பார் மேட்டர விடுங்க. சிக்கரி பத்தி பேசவே இல்லையே நீங்க? நம்மூரு பாக்கெட்ல சட்டப்படி காபி 51 சதவீதம் இருந்தாலே போதும், மிச்சம் 49 வரைக்கும் சிக்கரி போடலாம். அப்டிப்பட்ட பொடியில 30 கிராம்னா காபி 15 கிராம் சொச்சம்தான். கறுப்பா திக்கா இருக்குறதப் பாத்து ஸ்ட்ராங்னு நினைச்சுக்கிறோம், அது வெறும் கலர்.

இன்னொண்ணு, எல்லாரும் காபியையே புடிச்சு தொங்குறீங்க, ஐஸ்க்ரீம யாரும் கேக்கல. டப்பாவத் திருப்பி ‘ஃப்ரோசன் டெசர்ட்’னு போட்டிருக்கான்னு பாருங்க. அது பால் கொழுப்பு இல்ல, வெஜிடபிள் ஆயில். சூடா காபி பட்டதும் மேல எண்ணெய் மாதிரி படலம் மிதக்கும், வாயில வழவழன்னு ஒட்டும். ஐஸ்க்ரீம்னு போட்டதா வாங்குங்க. அதுலயும் மில்லியையும் கிராமையும் சேத்துப் பாருங்க, ஒரே மில்லிக்கு கிராம் கம்மின்னா அதுல காத்துதான் ஜாஸ்தி, டிகாஷன் பட்டதும் பொசுக்குன்னு அமுங்கிடும்.

பித்தளை_ஃபில்டர்:
ஐஸ்க்ரீம் விஷயம் நூத்துக்கு நூறு. சிக்கரியில பாதி ஒத்துக்கிறேன். 85:15, 80:20 பொடின்னா எனக்கு அது குறையாவே தெரியல, வெனிலாவோட அந்தக் கருக்கின சக்கரை வாசம் நல்லாவே சேரும். 60:40க்குக் கீழ போனா நீ சொல்றதுதான் நடக்கும். கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க. அரை ஸ்பூன் டிகாஷன்ல சக்கரை போட்டு ஆறவிட்டு நக்கிப் பாருங்க, ஆறின பிறகும் காபி மணம் மூக்குல ஏறினா ஓகே, வெறும் கருக்கல் கசப்புதான்னா அந்தப் பொடி இதுக்கு வேண்டாம்.

நாகூர்_சமையல்:
ஜெல்லிய எல்லாரும் மறந்துட்டீங்களா? நோன்பு மாசம் பூரா எங்க வீட்ல கடல்பாசிதான், அந்த அனுபவத்துல சொல்றேன் சுதா. காபி ஜெல்லிக்கும் அதே கை பக்குவம்தான், ஒரே வித்தியாசம் காபிய கொதிக்க விடக்கூடாது.

முழு அளவு 300 மில்லின்னு வைங்க. 200 மில்லி பச்சத் தண்ணில கடல்பாசி பவுடர் 2 கிராம், தலைதட்டின ஒரு டீஸ்பூனுக்கும் கம்மிதான், தூவி கலக்கிட்டு அடுப்புல வைங்க. கொதி வந்த பிறகும் ரெண்டு நிமிஷம் கிண்டணும். கரண்டியோட பின்பக்கம் பாத்தா பொடிப்பொடியா ஒட்டியிருக்கக்கூடாது, கண்ணாடியா வழியணும். கரையாம இறக்கிட்டா எத்தன மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் கொழகொழன்னுதான் இருக்கும். அப்புறம் சக்கரை நாலு டேபிள்ஸ்பூன், அடுப்ப அணைச்சுட்டு கடைசியா திக் டிகாஷன் 100 மில்லி. அது சூடா, குறைஞ்சது வெதுவெதுப்பா இருக்கணும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து ஜில்லுன்னு ஊத்தினா கடல்பாசி அங்கங்க நூல் நூலா திரிஞ்சிடும். கடல்பாசி 40 டிகிரி கிட்ட வந்தாலே இறுக ஆரம்பிச்சிடும், நம்ம ஊர் வெயில்ல வெளிய வச்சாக்கூட செட் ஆகும். ஒருதடவ தட்டுல ஊத்திட்டா கிண்டவே கூடாது.

சூடா ருசி பாக்கும்போது ‘அய்யோ, இவ்ளோ இனிப்பா, இவ்ளோ கசப்பா’ன்னு தோணணும். ஜில்லுன்னு ஆனதும் ரெண்டும் மட்டுப்படும். சாதாரணமா குடிக்கிற காபி பதத்துல போட்டா ஜெல்லி பழுப்புத் தண்ணி மாதிரிதான் இருக்கும்.

மோகா_மணி:
காபி ஜெல்லி ஜப்பான் ஐட்டம் மேடம், அதுக்கு ஜெலட்டின்தான் போடணும். கடல்பாசி கடிச்சா நறுக்குன்னு உடையும், அந்தத் தளதளப்பு வராது.

நாகூர்_சமையல்:
ஜப்பான்லயும் கடல்பாசி போட்டு செய்றாங்கப்பா, அவங்க ‘கான்டென்’னு சொல்றது இதேதான். ஜெலட்டின் எலும்பு, தோல்ல இருந்து வர்றது, ஹலால் பாக்குறவங்க வீட்லயும் சைவம் சாப்பிடுறவங்க வீட்லயும் அது நுழையாது. உடையுதுன்னா கடல்பாசி ஜாஸ்தின்னு அர்த்தம். நான் சொன்ன 2 கிராமுக்கு மேல கால் ஸ்பூன் கூடினாக்கூட ரப்பர் ஆயிடும்.

பித்தளை_ஃபில்டர்:
ரெண்டு பேர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு. ஜெலட்டின் நம்ம ஒடம்பு சூட்டுக்கே உருகும், அதனால வாயில போட்டதும் காபி மொத்தமா வெளிய வந்துடும். கடல்பாசி உருக 85 டிகிரி கிட்ட வேணும், வாயில உருகவே உருகாது, கடிச்சாத்தான் ருசி வரும். அதனாலதான் அதுக்கு டிகாஷன் இன்னும் திக்கா வேணும். சின்னச் சின்ன சதுரமா வெட்டினா நாக்குல படுற பரப்பு கூடும். மேல ஃப்ரெஷ் க்ரீம இனிப்பு போடாம ஊத்துங்க, இல்லன்னா சுண்டக் காய்ச்சின பால்.

நாகூர்_சமையல்:
அதோட அன்னைக்கே காலி பண்ணிடுங்க. மறுநாள் தண்ணி விட்டுடும். என் மச்சி ஒருத்தி கடல்பாசி காய்ச்சுற தண்ணிக்குப் பதிலா ரெண்டாம் டிகாஷன ஊத்துவா, வீணாக்காம இருக்கலாம்னு. எனக்கு அது கஷாய வாடை அடிக்கும், அவ வீட்ல எல்லாரும் அதத்தான் கேப்பாங்க.

பித்தளை_ஃபில்டர்:
அது கொதிக்குதுல்ல, அதான் வாடை. நானா இருந்தா தண்ணிதான்.

சுதா_கோவை:
எல்லாருக்கும் நன்றி. ஒரு டவுட்டு, டிகாஷன் இறங்கி முடியறதுக்குள்ள வெதுவெதுப்பா ஆயிடுதே, அஃபகாட்டோவுக்கு அத அப்டியே ஊத்தலாமா, திரும்ப சூடு பண்ணணுமா? அப்புறம் பாக்கெட்ட இப்பதான் பாத்தேன், 60:40னு போட்டிருக்கு.

பித்தளை_ஃபில்டர்:
டிகாஷன் பாத்திரத்த கொதிக்கிற தண்ணிக்குள்ள அஞ்சு நிமிஷம் நிறுத்துங்க, நேரா அடுப்புல வைக்காதீங்க. சூடும் ஜில்லும் ஒண்ணா தெரிஞ்சாத்தான் அஃபகாட்டோ. கப்ப மட்டும் முன்னாடியே ஃப்ரீசர்ல வச்சிடுங்க. அந்த 60:40 பொடிய ஜெல்லிக்கு போடுங்க, மேல க்ரீம் வர்றதால சமாளிச்சிடும்.

மோகா_மணி:
நான் வெதுவெதுப்பாவே ஊத்துவேன், ஐஸ்க்ரீம் கட்டி இன்னும் கொஞ்ச நேரம் நிக்கும். உங்க கணக்குப்படியே பாத்தாலும் சூடு கம்மின்னா உருகறதும் கம்மிதானே?

பித்தளை_ஃபில்டர்:
கணக்கு சரிதான். ஆனா ஆறின காபியில மணம் எங்க இருக்கு?

மோகா_மணி:
அதுக்குத்தான் மோகா பாட் வாங்கச் சொன்னேன். சுதா மேடம், சார்கிட்ட மூணு கப் சைஸ் சொல்லுங்க, ஆறு கப் வாங்கிட்டா பாதி அளவு போட்டு அதுல பண்ண முடியாது.

ரவி_தோஹா:
அந்த கடல்பாசி பவுடர் இங்க சூப்பர் மார்க்கெட்ல என்ன பேர்ல கிடைக்கும்னு யாராச்சும் சொல்லுங்களேன்.

நாகூர்_சமையல்:
அகர் அகர்னு கேளுங்க தம்பி, கேக் சாமான் இருக்குற வரிசையில இருக்கும். டப்பாவுல சக்கரை, ஃப்ளேவர் எதுவும் சேக்காததா பாத்து எடுங்க, ஜெல்லி மிக்ஸ்னு போட்டிருந்தா அது வேற.