மூன்று கேள்வி கேட்டேன், ஒன்றுக்குத்தான் பதில் வந்தது: அழிக்கலாமா?

முகில்
"பயன்படாத வாடிக்கையாளர்களை டேட்டாபேஸில் இருந்து எடுத்துவிடுங்கள்" என்று ஒரு கிளையண்ட் சொன்னார். மூன்று கேள்வி அனுப்பினேன். பயன்படாதவர் என்றால் யார்? அவர்களுடைய பழைய ஆர்டர்களும் போக வேண்டுமா? நிரந்தரமாக அழிக்கவா, மறைத்து வைத்தால் போதுமா? வந்த பதில் ஒரே வரி: "இரண்டு வருஷமாக ஆர்டர் போடாதவர்கள்." மீதி இரண்டையும் திரும்பக் கேட்கவா, நானே முடிவெடுக்கவா? டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ்.

கதிர்
நீங்களே முடிவெடுங்கள். அவருக்கு எது முக்கியமோ அதற்குப் பதில் சொல்லிவிட்டார், மற்றதை உங்களிடம் விட்டுவிட்டார். "எடுத்துவிடுங்கள்" என்றால் அழிக்கத்தான் சொல்கிறார், இதில் குழப்பம் எங்கே? பயமாக இருந்தால் ஒரு மெயில் போடுங்கள்: "வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் அழித்துவிடுவேன்." மறுப்பு வராவிட்டால் சம்மதம். திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கும் ஆளை யாரும் அடுத்த வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள்.

தேன்மொழி
கதிர், மறுப்பு வராதது சம்மதம்தான் என்று எப்படித் தெரியும்? அவர் முதல் கேள்வியை மட்டும் போனில் படித்திருக்கலாம். இரண்டாவதற்குப் பதில் கணக்குப் பிரிவில்தான் இருக்கிறது என்று ஒத்திப்போட்டிருக்கலாம். மூன்றாவது புரியாமலேகூட இருந்திருக்கலாம். வெளியில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் அவர் மனதில் என்ன இருந்தது என்று ஊகிப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். நம் ஊகம் தப்பானால் திரும்பி வர வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

முகில், கிளையண்டைத் தொந்தரவு செய்வதற்கு முன் டேட்டாபேஸையே கேளுங்கள். `psql`-இல் `\d customers` போட்டால் கீழே "Referenced by" என்று ஒரு பகுதி வரும். வாடிக்கையாளர் அட்டவணையை நம்பியிருக்கும் மற்ற அட்டவணைகள் எல்லாம் அங்கே இருக்கும். `orders` வரியில் `ON DELETE CASCADE` இருந்தால் வாடிக்கையாளரை அழித்த அதே நொடியில் அவருடைய ஆர்டர்களும் போய்விடும். அப்படியென்றால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லாவிட்டாலும் "ஆர்டர்களும் போகட்டும்" என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. எதுவும் எழுதப்படவில்லை என்றால், ஆர்டர் உள்ளவரை அழிக்க முயன்றால் பிழை காட்டி நின்றுவிடும். அது நல்லது.

பாரி
இதற்குப் போய் இவ்வளவு பேச்சா? பேக்கப் எடுத்துவிட்டு அழியுங்கள் அண்ணே. கேட்டால் திரும்பப் போட்டுவிடலாம். `pg_dump` ஒரு வரி.

தேன்மொழி
பாரி, பேக்கப் கட்டாயம் வேண்டும். ஆனால் முகில் கேட்டது அதை இல்லை. பேக்கப் அது எடுக்கப்பட்ட நேரத்து நிலையைத்தான் வைத்திருக்கும். அதற்குப் பிறகு வந்த புது ஆர்டர்களை இழக்காமல், அழிந்த வரிகளை மட்டும் பொறுக்கி ஓடிக்கொண்டிருக்கும் அட்டவணைகளில் திரும்பச் சேர்ப்பது ஒரு வரி வேலை இல்லை. அப்புறம், ஆர்டர் காணாமல் போனதை யாரும் மறுநாளே கவனிக்கமாட்டார்கள். கணக்கு முடிக்கும்போதுதான் தெரியவரும். அந்தப் பேக்கப் அதுவரை இருக்குமா?

செல்வி
நான் மொழிபெயர்ப்பாளர், டேட்டாபேஸ் தெரியாது. ஆனால் இதே கதை எனக்கும் உண்டு. ஓர் இயந்திரக் கையேட்டுக்கு மூன்று சந்தேகம் கேட்டேன், வாசகர் யார் என்பதற்கு மட்டும் பதில் வந்தது. அளவைகளை மாற்ற வேண்டுமா என்பதற்கும், பாகங்களின் பெயரை எந்த மொழியில் விடுவது என்பதற்கும் பதிலே இல்லை. திரும்பக் கேட்காமல், எனக்குச் சரியென்று பட்டபடி ஒரே ஒரு பக்கத்தை முடித்து அனுப்பினேன். "ஐயோ, பாகங்களின் பெயரை மாற்றாதீர்கள், பெட்டியில் அப்படியே அச்சாகியிருக்கிறது" என்று உடனே போன் வந்தது. கேள்விக்குப் பதில் சொல்ல யோசிக்க வேண்டும், தப்பைக் காட்ட யோசிக்க வேண்டியதில்லை.

முகில்
செல்வி சொன்னது நல்ல வழியாகத் தெரிகிறது. தேன்மொழி சொன்னபடி பார்த்தேன். `orders` அட்டவணையில் `ON DELETE CASCADE` இருக்கிறது. வாடிக்கையாளர் மொத்தம் 18,400 பேர். கீழே உள்ளதை ஓட்டினால் 3,120 பேர் வருகிறார்கள்.

```sql
SELECT count(*) FROM customers
WHERE last_order_at < now() - interval '2 years';
```

கதிர்
சரி, `CASCADE` இருப்பது தெரிந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு அழிக்கச் சொல்லமாட்டேன். அது வரைக்கும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எண் கையில் இருக்கிறதே. 3,120 என்று எழுதி அனுப்புங்கள், வெள்ளி வரை பாருங்கள், முடித்துவிடுங்கள்.

தேன்மொழி
அந்த எண்ணை அனுப்புவதற்கு முன் இதையும் ஓட்டிப் பாருங்கள்.

```sql
SELECT count(*) FROM customers
WHERE last_order_at IS NULL;
```

முகில்
5,260! ஒரு தடவைகூட ஆர்டர் போடாதவர்கள். இவர்கள் முதல் கணக்கில் வரவே இல்லையா?

தேன்மொழி
வரமாட்டார்கள். `NULL` எந்தத் தேதியைவிடவும் சிறியது இல்லை, பெரியதும் இல்லை, அதனால் `WHERE` அவர்களைத் தாண்டிப் போய்விடும். இப்போது கிளையண்டின் பதிலைத் திரும்பப் படியுங்கள். "இரண்டு வருஷமாக ஆர்டர் போடாதவர்கள்." வார்த்தைப்படி இந்த 5,260 பேரும் அதில் அடக்கம். ஆனால் நேற்றுப் பதிவு செய்து இன்னும் எதுவும் வாங்காதவரும் அதே வார்த்தைக்குள்தான் வருவார். அவரைத் தூக்கினால் கிளையண்ட் சும்மா இருப்பாரா? பதில் வராத இரண்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், பதில் வந்த கேள்வியே பாதிதான் முடிந்திருக்கிறது. எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. பதில் வந்துவிட்டது என்று டிக் போட்ட இடத்தை யாரும் மறுபடி பார்ப்பதில்லை.

என் யோசனை இது. மூன்றாவது கேள்விக்கு, பின்வாங்க முடிந்த பதிலை நீங்களே தேர்ந்தெடுங்கள்: மறைத்து வையுங்கள். `hidden_at` என்று ஒரு நெடுவரிசை போதும். வரியே அழியாததால் ஆர்டர்களுக்கு எதுவும் ஆகாது, இரண்டாவது கேள்விக்கு இன்றைக்கு அவசரமும் இல்லை.

```sql
BEGIN;
UPDATE customers SET hidden_at = now()
WHERE last_order_at < now() - interval '2 years';
-- UPDATE 3120 என்று வரவில்லையென்றால் ROLLBACK
COMMIT;
```

ஒரே பரிவர்த்தனைக்குள் `now()` எல்லா வரிகளிலும் ஒரே நேரத்தைத்தான் எழுதும். நாளைக்கு "வேண்டாம், திருப்பிவிடுங்கள்" என்றால் அந்த நேரத்தை வைத்தே இந்தத் தொகுதியை மட்டும் பிரித்து எடுத்துவிடலாம்.

கதிர்
மறைத்து வைப்பது இலவசம் இல்லை தேன்மொழி. நான் இதைச் செய்தே களைத்தவன். செய்திமடல் அனுப்பும் நிரலுக்கு உங்கள் `hidden_at` தெரியாது, அது எல்லோருக்கும் மெயில் அனுப்பும். மறைக்கப்பட்டவர் ஒரு நாள் திரும்பி வந்து அதே மெயில் முகவரியில் பதிவு செய்தால், முகவரிக்கு `UNIQUE` போட்டிருந்தால் "ஏற்கெனவே இருக்கிறது" என்று தள்ளிவிடும். இன்னொன்று: யாராவது "என் விவரங்களை நீக்குங்கள்" என்று கேட்டுத்தான் கிளையண்ட் இதைத் தொடங்கினார் என்றால், மறைத்ததால் அந்த வேலை ஆகவே இல்லை. ஆனால் ஆகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொள்வார்.

தேன்மொழி
கடைசி விஷயம் சரி, அதை நான் யோசிக்கவில்லை. அப்படியென்றால் கேட்க வேண்டிய கேள்வியே வேறு. "ஆர்டர் போகவா, அழிக்கவா" என்பதெல்லாம் நம் பக்கத்துப் பாஷை. "எதற்காக எடுக்கச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டால் அவருக்குப் பதில் தெரியும். மெயில் செலவைக் குறைக்க என்றால் ஒன்று, யாரோ நீக்கச் சொன்னார்கள் என்றால் வேறொன்று, பட்டியல் நீளமாக இருக்கிறது என்றால் இன்னொன்று.

பாரி
ஒரு போன் போட்டுக் கேட்டுவிட வேண்டியதுதானே?

தேன்மொழி
போடலாம். பேசி முடித்ததும் என்ன பேசினோம் என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

முகில்
இப்படி அனுப்பப்போகிறேன்:

"நீங்கள் சொன்னபடி, கடைசி ஆர்டர் இரண்டு வருஷத்துக்கு முன் இருக்கும் 3,120 பேரைப் பட்டியலில் இருந்து மறைக்கிறேன். அவர்களுடைய ஆர்டர்கள் அப்படியே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் திருப்பலாம். நிரந்தரமாக அழிப்பது நீங்கள் எழுதிச் சொன்னால் மட்டுமே. ஒருமுறைகூட ஆர்டர் போடாத 5,260 பேரை இப்போது தொடவில்லை. மறைக்கப்போகிறவர்களில் பத்துப் பெயர்களை மாதிரிக்கு இணைத்திருக்கிறேன், இவர்களில் இருக்க வேண்டியவர் யாராவது உண்டா? ஒரே கேள்வி: இதை எதற்காகச் செய்கிறோம்?"

செல்வி
ஒரே கேள்வி என்று எழுதிவிட்டு இரண்டு கேட்டிருக்கிறீர்கள். மாதிரிப் பட்டியலை வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்குறியை எடுத்துவிடுங்கள். தப்பு இருந்தால் அவரே சொல்லுவார். இல்லாவிட்டால் மறுபடியும் சுலபமானதற்கு மட்டும்தான் பதில் வரும். பத்துப் பெயர்களில் அவருக்குத் தெரிந்த பெரிய வாடிக்கையாளர்கள் சிலரையும் சேருங்கள், அப்போதுதான் கண்ணில் படும்.

முகில்
சரி, "தவறு இருந்தால் சொல்லுங்கள்" என்று மாற்றிவிட்டேன்.

கதிர்
மறைப்பதற்காவது வெள்ளிக்கிழமை என்று ஒரு தேதி போடுங்கள். இல்லாவிட்டால் இந்த மெயிலும் அப்படியே கிடக்கும்.

தேன்மொழி
மறைப்பதற்குத் தேதி போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அழிப்பதற்கு மட்டும் போடாதீர்கள், எத்தனை வெள்ளிக்கிழமை போனாலும் சரி. ஆனால் மறைப்பதற்கு முன் கதிர் சொன்ன செய்திமடல் நிரலைப் பார்த்துவிடுங்கள். உள்நுழையும் பக்கம் மட்டும் இந்த நெடுவரிசையைப் பார்க்கக் கூடாது. மறைத்ததால் ஒருவர் தன் கணக்கில் நுழைய முடியாமல் போனால் அது திருப்பக்கூடிய மாற்றம் இல்லை, அவர் போயே போய்விடுவார்.

முகில்
தேடிப் பார்த்தேன். `customers` அட்டவணையை நேரடியாகப் படிக்கும் இடங்கள் இரண்டு: செய்திமடல், மாத அறிக்கை. உள்நுழைவு வேறு அட்டவணையைப் பார்க்கிறது, அதில் சிக்கல் இல்லை. மாத அறிக்கையில் மறைத்தவர்களை எண்ணுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

கதிர்
பார்த்தீர்களா, கிளையண்ட் கேட்காத நெடுவரிசைக்காக இப்போது இரண்டு இடத்தில் நிரலை மாற்ற வேண்டும். அந்த நேரத்துக்கு யாரிடம் பில் போடுவீர்கள்?

தேன்மொழி
அறிக்கையை மாற்றாதீர்கள், எண்ணிக்கை நேற்று இருந்த மாதிரியே இருக்கட்டும். செய்திமடலில் ஒரு `WHERE` தான்.

முகில்
அறிக்கையைத் தொடவில்லை. நெடுவரிசை சேர்த்ததற்குப் பில் போடப்போவதில்லை, அது என் முடிவு. செய்திமடல் மாற்றத்துக்குப் போடுவதா என்பதை அவர் என்ன காரணம் சொல்கிறார் என்று பார்த்துவிட்டு யோசிக்கிறேன். மெயில் போய்விட்டது.