கலைச்சொல்: செல் கவுண்டரில் வரும் ‘கோஇன்சிடென்ஸ்’

மீனாட்சி:
வணக்கம். இரத்த அணுக்களை எண்ணும் கருவிகள் பற்றிய கையேட்டைத் தமிழில் எழுதிவருகிறேன். ‘கோஇன்சிடென்ஸ் கரெக்‌ஷன்’ என்பதைத் ‘தற்செயல் திருத்தம்’ என்று போட்டேன். படித்தால் எதுவும் விளங்கவில்லை. நல்ல சொல் தாருங்கள்.

இளங்கோ:
அணுக்கள் ஒட்டிக்கொண்டு வந்தால் கருவி அவற்றை ஒன்றாக எண்ணிவிடும், அதைத்தானே சொல்கிறார்கள்? ‘ஒட்டணுத் திருத்தம்’ போதுமே.

டாக்டர் வசந்தா:
இளங்கோ, ஒன்றாக எண்ணும் என்பது சரி. ஆனால் இங்கே அணுக்கள் ஒட்டுவதில்லை. கோல்ட்டர் 1953-இல் காப்புரிமை பெற்ற முறையில், உப்புக்கரைசலில் கலந்த அணுக்களை நுண்துளை வழியே இழுக்கிறோம். கரைசல் மின்சாரத்தைக் கடத்தும், அணு கடத்தாது. அணு நுழைந்ததும் அதன் பருமனுக்கேற்ப மின்தடை ஏறி இறங்கும். அந்தத் துடிப்புகளை எண்ணினால் அணுக்களின் எண்ணிக்கை. துடிப்பின் உயரம் அணுவின் பருமன். இரண்டு அணுக்கள் ஒரே நேரத்தில் துளைக்குள் இருந்தால் ஒரே துடிப்புதான், அதுவும் உயரமாக. கரைசலின் செறிவை வைத்து இதைக் கணித்துக் கருவியே திருத்திவிடும். நீர்த்தால் குறையும்.

ஒட்டிய அணுக்கள் நீர்த்தாலும் பிரியாது. குளிரில் சிவப்பணுக்கள் திரளும் நோயாளி ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பணு 19 லட்சம், சிவப்பணுவின் சராசரிப் பருமனான எம்.சி.வி. 125, ஹீமோகுளோபின் 11. முதல் இரண்டையும் பெருக்கிக் கருவி, இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கான ஹிமட்டோகிரிட்டை 23.75 சதவீதம் என்கிறது. அப்படியானால் சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினின் செறிவான எம்.சி.எச்.சி. 46! அவ்வளவு ஹீமோகுளோபின் சிவப்பணுவுக்குள் அடங்காது. அங்கேதான் சந்தேகம் வரவேண்டும். சாம்பிளை 37 டிகிரியில் வைத்திருந்து சூடு ஆறுமுன் ஓட்டினால் 36 லட்சம், எம்.சி.வி. 91, எம்.சி.எச்.சி. 33.6 என்று வரும். ஹீமோகுளோபின் மட்டும் மாறாது. அதை அணுக்களை உடைத்த பிறகுதான் அளக்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் மாணவர் தவறான இடத்தில் நீர்த்துக்கொண்டிருப்பார்.

பாத்திமா:
என் அம்மாவுக்குப் பிளேட்லெட் 40 ஆயிரம் என்று ரிப்போர்ட் வந்து பயந்துவிட்டோம். வேறு குழாயில் எடுத்தபோது சரியாக இருந்தது. அதுவும் இந்த கோஇன்சிடென்ஸ்தானா?

டாக்டர் வசந்தா:
இல்லை அம்மா. சிலருடைய பிளேட்லெட்டுகள், இரத்தம் உறையாதிருக்க ஈ.டி.டி.ஏ. சேர்த்த குழாயில் திரண்டுவிடும். இரத்தத்தைக் கண்ணாடியில் மெல்லியதாகத் தேய்த்த ஸ்மியரின் ஓரத்தில் அந்தத் திரள் தெரியும். பிறகு சிட்ரேட் குழாயில் எடுத்து, அதிலுள்ள திரவத்துக்காகப் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வோம்.

மீனாட்சி:
அப்படியென்றால் ‘துளைநெரிசல்’?

கதிர்:
நான் கருவி பழுதுபார்ப்பவன். ‘துளை’ வேண்டாம். ஒளிச்சிதறல் கருவியில் அணுக்களைச் சுற்றி வேறொரு திரவத்தை ஓடவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக லேசருக்கு முன்னால் அனுப்புகிறார்கள். முன்பக்கம் சிதறும் ஒளி அணுவின் அளவைக் காட்டும், பக்கவாட்டில் சிதறுவது உள்ளிருக்கும் துகள்களைக் காட்டும். அங்கேயும் சாம்பிள் கெட்டியாக இருந்தால் இரண்டு அணுக்கள் ஒரே சமயத்தில் ஒளிக்கு முன் வரும். ‘உடன்கடப்பு’ என்றால் இரண்டு கருவிக்கும் பொருந்தும்.

இளங்கோ:
‘உடன்’ என்பதை ‘உடனே’ என்று படித்துவிடுவார்கள். ‘இணைக்கடப்பு’ தெளிவு.

டாக்டர் வசந்தா:
இணை என்றால் இரண்டு. மூன்றும் சேர்ந்து வருமே!

மீனாட்சி:
இப்போதைக்கு ‘உடன்கடப்புத் திருத்தம்’ என்று எழுதி, ‘திரள்’ என்பதைத் தனித் தலைப்பாகப் பிரித்துவிடுகிறேன். இளங்கோ சொன்ன குழப்பம் எனக்கும் இருக்கிறது. மூன்று அணுக்கள் சேர்ந்து வந்தாலும் பொருந்தும் வேறு சொல் இருந்தால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.