பத்து நிமிடத்துக்கு ஒரு படம்: மணிக்கூலி வேலையில் எது ஆதாரமாக நிற்கிறது?

கொழிஞ்சாம்பாறை கணக்கர்

அப்வொர்க் என்ற இணைய வேலைத் தளத்தில் மணிக்கூலிக்கு வெளிநாட்டுக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். போன மாதம் ஒரு கிளையண்ட் ஒரு வாரக் கணக்கில் 7 மணி நேரத்தை ஏற்க மாட்டேன் என்று புகார் போட்டார். அது எப்படி முடிந்தது என்று எழுதினால் நம் பக்கம் இந்த வேலை செய்பவர்களுக்கு உதவும்.

மணிக்கு 12 டாலர். அந்த வாரம் மொத்தம் 21 மணி நேரம். புகார் வந்தது புதன், வியாழன் இரண்டு நாள் மீது மட்டும். 7 மணி என்றால் 84 டாலர்.

அந்த ஏழில் 5 மணி நேரம், தளத்தின் நேரம் பதியும் ஆப்பான டிராக்கர் ஓடிக்கொண்டிருந்தபோது செய்தது. மீதி 2 மணி நேரம் நான் கையால் சேர்த்தது. புதன் மதியம் காற்றில் தென்னை மட்டை விழுந்து கம்பி அறுந்து கரண்ட் போய்விட்டது. லேப்டாப் பேட்டரி தீர்ந்ததும் அச்செடுத்து வைத்திருந்த சப்ளையர் பில்களைப் பேனாவால் டிக் அடித்து முடித்தேன். வேலை நிஜம். கிளையண்டிடம் சாட்டில் கேட்டேன், 'பரவாயில்லை, மேனுவலாகச் சேர்த்துவிடுங்கள்' என்றார். சேர்த்தேன். அடுத்த வாரம் அவருடைய பார்ட்னர் கணக்கைப் பார்த்துப் புகார் போட்டுவிட்டார்.

முடிவு இது. கையால் சேர்த்த 2 மணி நேரமும் போச்சு. மணிக்கூலிக்கு அவர்கள் தரும் பணப் பாதுகாப்பு டிராக்கர் பதிவுக்கு மட்டும்தான். கையால் சேர்த்ததை கிளையண்ட் விரும்பிக் கொடுத்தால் உண்டு, மறுத்தால் தளம் நமக்காக நிற்காது. சாட்டில் அவர் சம்மதம் சொன்னதைக் காட்டினேன், அது எடுபடவில்லை.

டிராக்கர் பதிவு 5 மணி என்றால் 30 கட்டம். பத்து நிமிடம் ஒரு கட்டம், ஒவ்வொன்றுக்குள்ளும் ஏதோ ஒரு நொடியில் ஒரு ஸ்கிரீன்ஷாட். இதில் 27 கட்டம் ஆதாரமாக நின்றது, 3 கட்டம் நிற்கவில்லை. அந்த மூன்றிலும் விசைப்பலகை, மவுஸ் எண்ணிக்கை பூஜ்யம். அந்த அரைமணி நேரம் நான் என்ன செய்தேன் என்றால், எந்தச் செலவு கடைக்கு, எது வீட்டுக்கு என்று கிளையண்ட் குரலில் பதிவு செய்து அனுப்பியிருந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்கிரீன்ஷாட்டில் ஆடியோ பிளேயர் தெரிகிறது. ஆனால் கை அசையவில்லை.

ஆக நாலரை மணிக்கு 54 டாலர் வந்தது, 30 டாலர் போனது. உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

நகரி டிசைனர்

அண்ணா, இதனால்தான் நான் எப்போதும் மவுஸை அசைத்துக்கொண்டே இருப்பேன். விசைப்பலகை, மவுஸ் எண்ணிக்கையைக் காட்டும் கோடு குறைந்தால் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பணம் இல்லை என்று இங்கே நகரியில் ஒரு தம்பி சொன்னான். நாம் டைப் செய்யும் ஒவ்வொரு எழுத்தும் கிளையண்டுக்குப் போகும் என்றும் சொன்னான். அந்த பயத்தில் டிராக்கர் ஓடும்போது வீட்டுக்காரருக்குக்கூட மெசேஜ் போடமாட்டேன்.

செங்கோட்டை டெவலப்பர்

அக்கா, அதில் பாதி சரி. எத்தனை முறை தட்டினோம், சொடுக்கினோம், பக்கத்தை உருட்டினோம் என்ற எண்ணிக்கை மட்டும்தான் பதிவாகும். எந்த எழுத்தைத் தட்டினோம் என்பது பதிவாகாது. ஆனால் மெசேஜ் பெட்டி திரையில் திறந்திருக்கும்போது படம் எடுத்தால் அது படத்தில் வந்துவிடும். உங்களுக்கு அஞ்ச வேண்டியது அந்தப் படத்துக்குத்தான்.

கோடு குறைந்தாலே பணம் இல்லை என்பதும் சரியில்லை. எல்லாம் ஒழுங்காகப் போகும் வாரத்தில் கோடு குறைந்த கட்டத்துக்கும் சேர்த்துத்தான் பில் போகிறது. புகார் வந்த பிறகுதான் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக எடுத்துப் பார்க்கிறார்கள். அப்போது மூன்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள்: படத்தில் இந்த வேலை தெரிகிறதா, என்ன வேலை என்று மெமோவில் நாம் எழுதியது படத்தோடு ஒத்துப்போகிறதா, எண்ணிக்கை அந்த வேலைக்குப் பொருந்துகிறதா. ஒன்று மட்டும் பலமாக இருந்து பயனில்லை. சும்மா மவுஸைச் சொடுக்கி எண்ணிக்கையை ஏற்றினாலும், ஒரு மணி நேரத்தின் ஆறு படத்திலும் ஒரே பக்கம் ஒரே இடத்தில் நின்றால் பார்ப்பவருக்கே தெரிந்துவிடும். அதைச் செய்யாதீர்கள். தானாக மவுஸை அசைக்கும் கருவி வைத்தால் கணக்கையே முடக்கிவிட வாய்ப்புண்டு.

கணக்கர் அண்ணா, ஆடியோ கேட்கும்போது நான் பக்கத்தில் ஒரு குறிப்புப் பக்கத்தைத் திறந்து வைத்து, கேட்கக் கேட்க எழுதுவேன். 'பெட்ரோல் பில் பாதி கடைக்கு, 14ஆம் தேதி டிக்கெட் சொந்தச் செலவு' என்ற மாதிரி நாலு வரி போதும். அந்தக் குறிப்பு எப்படியும் உங்களுக்கு வேண்டியதுதானே? படமும் பேசும், எண்ணிக்கையும் இருக்கும்.

குமுளி மேனேஜர்

எங்கள் கம்பெனியிலும் இதே கதைதான். காலையில் கைரேகை வைக்க மறந்தால் அரைநாள் லீவு. எச்ஆரிடம் எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை. இதற்கு லேபர் ஆபீஸில் புகார் கொடுக்கலாமா?

கொழிஞ்சாம்பாறை கணக்கர்

அது மாதச் சம்பளத்துக்கான வருகைப் பதிவு, நண்பரே. இங்கே பேசுவது மணிக்குக் காசு வாங்கும் ஒப்பந்த வேலை. சட்டமும் வேறு, முறையும் வேறு. தனியாகக் கேளுங்கள், தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

சூலூர்பேட்டை டிரான்ஸ்கிரைபர்

நான் எந்தத் தளத்திலும் இல்லை. ஒரு கம்பெனிக்கு நேரடியாக வேலை, மணிக்கணக்குதான். டாகிள் டிராக்கில் நேரம் பதிவு செய்து மாதக் கடைசியில் ரிப்போர்ட் அனுப்புவேன். அதில் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் வசதி கிடையாது. இவ்வளவு நாள் ஒரு பிரச்சினையும் இல்லை. அப்படியானால் என் ரிப்போர்ட் ஆதாரமே இல்லையா?

செங்கோட்டை டெவலப்பர்

ஆதாரம்தான், ஆனால் யாரிடம் காட்டுவீர்கள் என்று பாருங்கள். உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை. ஹப்ஸ்டாஃப் என்ற டிராக்கரைப் போட்டுப் பத்து நிமிடத்துக்கு மூன்று படம் எடுத்தாலும் நிலைமை அதேதான், கொடுக்க மாட்டேன் என்பவரை அந்தப் படம் கொடுக்க வைக்காது. நேரடி வேலையில் எனக்குக் கைகொடுத்தது வேறு: வாரம் முடிந்ததும் மணிக்கணக்கை மெயிலில் அனுப்பி, 'சரி' என்று ஒரு பதிலை வாங்கிவிடுவது. மாதக் கடைசி வரை விடாதீர்கள். ஒரு வாரக் கணக்கு அவர்களுக்கு நினைவில் இருக்கும், நாலு வாரம் சேர்ந்தால் பேரம் பேசுவார்கள்.

களியக்காவிளை ஏஜென்சி

நான் ஆள் வைத்து வேலை வாங்குபவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எல்லாப் படத்தையும் உட்கார்ந்து பார்க்க எனக்கு நேரம் கிடையாது. முதலில் மெமோவை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்ப்பேன். 'வேலை', 'வேலை தொடர்ச்சி' என்று நாள் முழுக்க இருந்தால் அந்த நாளைத்தான் திறந்து பார்ப்பேன். 'மார்ச் வங்கிக் கணக்கு, 41 முதல் 78 வரை பில்கள்' என்றிருந்தால் திறப்பதே இல்லை. எனக்கு வேலை வந்து சேர்ந்ததா என்று அந்த வரியை வைத்தே சரிபார்த்துக்கொள்ள முடிகிறது.

கணக்கர் சாரின் கேஸில் பார்ட்னர் சந்தேகப்பட்டதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். சாட்டில் பேசியது பார்ட்னருக்குத் தெரியாது. அவர் கண்ணில் பட்டது படம் இல்லாத 2 மணி நேரம் மட்டும்தான். அங்கே தொடங்கிய சந்தேகம் அந்த இரண்டு நாளுக்கும் பரவியிருக்கும்.

கொழிஞ்சாம்பாறை கணக்கர்

இருக்கலாம் சார். இப்போது கரண்ட் போனால் கையால் சேர்ப்பதில்லை. பேட்டரி இருக்கும் வரை டிராக்கரை ஓடவிடுகிறேன். நெட் இல்லாவிட்டாலும் ஆப் கணினியிலேயே சேமித்து வைத்து, நெட் வந்ததும் ஏற்றிவிடுகிறது. பேட்டரி தீர்ந்தால் நிறுத்திவிட்டு, கரண்ட் வந்த பிறகு அந்தப் பில்களைத் திரையில் பதிந்தே செய்கிறேன். இரவு நேரமாகிறது, வேறு வழி தெரியவில்லை.

இன்னொன்று, கிளையண்டுடைய வங்கிக் கணக்கு எண், அவருடைய கடை ஆட்களின் சம்பளம் எல்லாம் படத்தில் பதிவாகிறது. இதற்கு யாராவது வழி கண்டிருக்கிறீர்களா?

நகரி டிசைனர்

படம் எடுத்ததும் மூலையில் சின்னதாக வந்து காட்டுமே, அப்போதே அழித்துவிடலாமே அண்ணா?

செங்கோட்டை டெவலப்பர்

அழிக்கலாம். ஆனால் படத்தோடு அந்தப் பத்து நிமிடமும் சேர்ந்து போய்விடும், அதற்குக் காசு கிடையாது. வங்கிக் கணக்கு பார்ப்பதே வேலை என்றால் நாள் முழுவதையும் அழிக்க வேண்டிவரும். அந்தப் படங்களைப் பார்க்கப்போவது கிளையண்ட்தான், அது அவருடைய கணக்குதான் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அவருடைய ஏஜென்சி ஆட்களும் பார்க்கலாம் என்றால் வேலை தொடங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. இதில் எனக்கும் முழுத் திருப்தி இல்லை.

அழிப்பது, மெமோ திருத்துவது எதுவானாலும் நேரத்தைக் கவனியுங்கள். அப்வொர்க்கில் வாரம், யுடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில் திங்கள் முதல் ஞாயிறு வரை. நமக்கு ஞாயிறு நள்ளிரவு தாண்டினாலும் திங்கள் காலை ஐந்தரை வரை பழைய வாரம்தான். இரவில் உட்காருபவர்கள் வார வரம்பு எத்தனை மணி என்று பார்த்துக்கொள்ளுங்கள், வரம்பைத் தாண்டியதற்குப் பாதுகாப்பு இல்லை. திருத்துவதற்கு திங்கள் மாலை ஐந்தரை வரை நேரம் உண்டு. அதற்குப் பிறகு பூட்டிவிடும், கிளையண்ட் பார்ப்பதற்கான நாள்கள் தொடங்கிவிடும், வெள்ளி வரை. எனக்கு திங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேறு வேலை கிடையாது. படமும் மெமோவும் இருக்கும் வொர்க் டைரியைத் திறந்து ஒவ்வொரு நாளாகப் பார்த்து, மெமோ காலியாக இருக்கும் இடங்களை நிரப்பிவிடுவேன்.

சூலூர்பேட்டை டிரான்ஸ்கிரைபர்

வாரம் முடிந்ததும் கணக்கை மெயிலில் அனுப்பிப் பார்த்தேன். 'மாதக் கடைசியில் பார்க்கலாம்' என்று பதில் வந்திருக்கிறது. இதைச் 'சரி' என்று எடுத்துக்கொள்ளலாமா?

களியக்காவிளை ஏஜென்சி

எடுத்துக்கொள்ள வேண்டாம் தம்பி. இன்னொரு மெயில் போடுங்கள். இந்த வாரம் இத்தனை மணி, மாற்றம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று எழுதுங்கள். எனக்கு யாராவது அப்படி அனுப்பினால் கட்டாயம் திறந்து பார்த்துவிடுவேன்.