‘ஆக’ விழுந்ததால் அர்த்தம் மாறிய இடம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பக்கவாட்டு

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்குக் கொடுக்கிற குறிப்புத் தாள். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். நான் எழுதிக் கொடுத்தது ‘முதல் வாரம் கொஞ்சமாக நடக்கவும்’. வடிவமைத்துத் திரும்பி வந்தது ‘முதல் வாரம் கொஞ்சம் நடக்கவும்’. ஒரே ஒரு சொல் அடுத்த வரிக்குப் போய்த் தொங்கியதாம், அர்த்தம் ஒன்றுதானே என்று ‘மாக’வை எடுத்துவிட்டு ஒரு ‘ம்’ போட்டிருக்கிறார்.

அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு பெரியவரிடம் வாசிக்கக் கொடுத்தோம். அந்த வரியில் விரலை வைத்து, “அப்போ தினமும் ஒரு நடை போயிட்டு வரலாம்னு சொல்றீங்க” என்றார். நாங்கள் சொல்ல வந்தது நேர் எதிர். கொஞ்சமாக நட என்றால் அளவு மீறாதே. கொஞ்சம் நட என்றால் படுத்தே கிடக்காதே, எழுந்திரு. எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருள் இதைப் பிடிக்காது, இரண்டுமே சரியான சொல். நீங்கள் எப்படிப் பிடிக்கிறீர்கள்?

சிவப்பு மை

இதில் குழம்ப ஒன்றுமில்லை. ‘அம்’ என்று முடிகிற சொல் வினையைப் பற்றிப் பேசினால் ‘ஆக’ கட்டாயம் வேண்டும். வேகம் ஓடினான், மௌனம் இருந்தான் என்று யாராவது எழுதுவார்களா? ஒரு விழா மலரில் ‘நிச்சயம் வருவேன்’, ‘அவசியம் வாருங்கள்’ எல்லாவற்றையும் நிச்சயமாக, அவசியமாக என்று மாற்றிக் கொடுத்தேன். கட்டுரை எழுதியவர் தொலைபேசியில் கூப்பிட்டு, ‘அவசியமாக வாருங்கள்’ என்று உங்கள் வீட்டில் யாரையாவது அழைத்ததுண்டா என்று கத்தினார். கத்தட்டும். விதி விதிதான்.

ஒற்றெழுத்து

எனக்கும் இந்த ‘ஆக’வோடுதான் தினமும் சண்டை. ‘வேகமாக பேசினார்’, ‘தெளிவாக சொன்னார்’ என்று எழுதி அனுப்புகிறார்கள், அந்தப் ப், ச் எல்லாம் எங்கே போயிற்று? வேகமாகப் பேசினார், தெளிவாகச் சொன்னார். அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் ஒற்று வந்தே தீரும். ஒரு துண்டறிக்கை முழுக்கத் திருத்திக் கொடுத்தேன், அத்தனை ஒற்றையும் மறுபடி எடுத்துவிட்டுத்தான் அச்சடித்தார்கள். பார்க்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறதாம்.

பழைய படி

ஒற்றெழுத்து, அவர் கேட்டது வேறு. ‘நடக்கவும்’ ந-வில் தொடங்குகிறது, அங்கே ஒற்றுக்கு வேலையே இல்லை.

சிவப்பு மை சொல்வது பாதி சரி. வேகம் ஓடினான் தவறுதான். ஆனால் நிச்சயம், அவசியம், கட்டாயம் மாதிரி ஒரு சில சொற்கள் ‘ஆக’ இல்லாமலே வினையோடு போய்ப் பழகிவிட்டவை. அவற்றில் கை வைத்தால் அழைப்பிதழ் அரசாணை போல ஆகிவிடும். அதற்காக எல்லாச் சொல்லும் அப்படி ஆகாது. ‘நிச்சயம் நாளை வருவேன்’ நிற்கிறது, ‘உறுதி நாளை வருவேன்’ நிற்கவில்லை.

என்னால் மறக்க முடியாதது ஒரு சங்கத்தின் கூட்டக் குறிப்பு. தலைவர் ஊரில் இல்லை, அன்றைக்கு அவர் இடத்தில் துணைத் தலைவர் கையெழுத்துப் போட்டார். கையால் எழுதியதில் ‘துணைத் தலைவர் தலைவராகக் கையெழுத்திட்டார்’ என்று சரியாகவே இருந்தது. தட்டச்சு செய்தவர் ‘ராகக்’ என்ற இடத்தில் ‘ர்’ மட்டும் போட்டுவிட்டார். அடுத்து பார்த்தவருக்கு ‘துணைத் தலைவர் தலைவர்’ என்று இரண்டு தடவை வருவது உறுத்தியிருக்கிறது, நடுவில் ஒரு காற்புள்ளி வைத்து, கடைசியில் ‘கையெழுத்திட்டனர்’ என்று ஆக்கிவிட்டார். ஊரிலேயே இல்லாத மனிதர் கையெழுத்திட்டதாகப் பதிவாகிவிட்டது. ஒவ்வொரு திருத்தமும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது, அதுதான் கொடுமை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வழக்கம். சந்தேகமான சொல்லுக்கும் வினைக்கும் நடுவில் ‘நேற்றே’ என்று ஒரு சொல்லைச் செருகி வாசிப்பேன். ‘அறையைச் சுத்தம் செய்தான்’ இருக்கிறதல்லவா, ‘அறையைச் சுத்தம் நேற்றே செய்தான்’ என்றால் இடிக்கிறது. அங்கே ‘சுத்தம் செய்’ ஒட்டிக்கொண்டு ஒரே வினையாக நிற்கிறது, ‘ஆக’ வேண்டாம். ‘வேலையைச் சுத்தமாக நேற்றே செய்துவிட்டான்’ இடிக்கவில்லை, அது எப்படிச் செய்தான் என்பதைச் சொல்கிறது, இங்கே ‘ஆக’வை எடுத்தால் வேலை குப்பை என்றாகிவிடும். தாமதம் செய்தார், தாமதமாகச் செய்தார் இரண்டும் இதே கதைதான். முதலாமவர் இழுத்தடித்தார், இரண்டாமவர் செய்தார், ஆனால் நேரம் கழித்து. ஒருவர் மேல் புகார் எழுதும்போது இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

கொஞ்சம், கொஞ்சமாக இரண்டுக்கும் இந்தச் சோதனை பலிக்காது, இரண்டுமே தாங்கும். அங்கே வாக்கியத்தின் பின்னால் ‘அதற்கு மேல் வேண்டாம்’ என்று சேர்த்துப் பாருங்கள். சொல்ல வந்தது அதுவென்றால் ‘ஆக’ இருந்தே ஆக வேண்டும்.

வரிவரி

கணினியில் தேடிப் பிடிக்கலாம் என்று நினைத்து நான் பட்டது தனி. நீண்ட ஆவணம், ‘ஆக’ என்று தேடினால் ஆகவே, ஆகையால் இவைதான் வருகின்றன, வேகமாக ஒன்றுகூட வரவில்லை. ஏனென்றால் வேகமாக என்பதற்குள் ‘ஆ’ என்ற எழுத்தே கிடையாது, ம-வுக்குப் பக்கத்தில் துணைக்கால் மட்டும்தான் இருக்கிறது. துணைக்காலையும் க-வையும் தேடினால் காகம், தாகம், பாகம் எல்லாம் பறந்து வருகின்றன. கடைசியில் இதில் வந்து நின்றேன்:

```
ாக([கசதப]்)?(?=\s)
```

சொல் ‘ாக’வில் முடிய வேண்டும், பின்னால் ஒற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி, அடுத்து இடைவெளி. உனக்காக, அதற்காக எல்லாமும் சேர்ந்து வரும், கண்ணால் தள்ளிவிட வேண்டியதுதான். ஆனால் இது இருக்கிற ‘ஆக’வைத்தான் காட்டும். விழுந்துபோனதை எதை வைத்துத் தேடுவது?

எனக்குக் கை கொடுத்தது ‘மற்றும்’. அதைத் தேடி இரண்டு பக்கமும் பாருங்கள். ‘எளிமை மற்றும் விரைவாக விண்ணப்பிக்கலாம்’ என்று வந்தால் வலது பக்கம் இருக்கிற ‘ஆக’ இடது பக்கத்துக்கும் சேர்த்து என்று எழுதியவர் நினைத்திருக்கிறார். அப்படிச் சேராது, எளிமை அந்தரத்தில் நிற்கிறது. எளிமையாகவும் விரைவாகவும் என்று இரண்டிலும் போட்டுவிட்டால் ‘மற்றும்’ தானே கழன்றுவிடும்.

அப்புறம் பக்கவாட்டு, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நோயாளி கையில் போகிற தாளில் ஓர் ‘ஆக’வை நம்பி அத்தனை பாரத்தை ஏற்றாதீர்கள். அடுத்த பதிப்பில் இன்னொருவர் வரியைச் சுருக்குவார். ‘வீட்டுக்குள் மட்டும் நடக்கவும்’ என்றோ, மருத்துவரிடம் கேட்டு இத்தனை நிமிடம் என்றோ எழுதினால் எந்த எழுத்து விழுந்தாலும் ஆபத்தில்லை. கொஞ்சம், அளவோடு, மிதமாக எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும்.

பக்கவாட்டு

நிமிடம் போடச் சொல்லிக் கேட்டேன், ஆளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் மருத்துவர். ‘வீட்டுக்குள் மட்டும்’ போட்டுவிட்டோம்.

சிவப்பு மை

சரி, நிச்சயத்தை விடுகிறேன், அவசியத்தையும் விடுகிறேன். ‘அதிகம்’ என்ன ஆகும்? ‘அதிகம் பேசாதே’, ‘அதிகமாகப் பேசாதே’, இதில் எது தவறு?

பழைய படி

இரண்டும் சரி. அவர் அதிகம் பேசமாட்டார் என்றால் சுபாவம், இன்றைக்கு அதிகமாகப் பேசிவிட்டார் என்றால் எல்லை தாண்டினார் என்றுதான் என் காதுக்குப் படுகிறது.

ஒற்றெழுத்து

என் காதுக்கு அப்படி ஒரு வித்தியாசமும் படவில்லை. ‘அதிகம் பேசிவிட்டார்’ என்று நான் தினமும் சொல்கிறேன், எல்லை தாண்டினார் என்ற அர்த்தத்தில்தான்.