டெக்னாலஜி லீட் என்பது புராடக்ட் கம்பெனியில் எந்த லெவல்?

சென்னையில் ஒரு ஐடி சர்வீஸ் நிறுவனத்தில் டெக்னாலஜி லீடாக இருக்கிறேன். அனுபவம் 9 ஆண்டு, ஜாவா பேக்எண்ட். பெங்களூரில் ஒரு புராடக்ட் கம்பெனி எஸ்டிஇ-2 லெவலுக்கு இன்டர்வியூ வைக்கிறது. நான் சீனியர் லெவல் கேட்க நினைக்கிறேன். அடுத்த வாரம் சுற்றுகள் தொடங்குகின்றன.

levels.fyi தளத்தில் ஒப்பிட்டேன். எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. அமேசானில் எல்5 என்றால் எஸ்டிஇ-2, கூகுளில் எல்5 என்றால் சீனியர். ரெக்ரூட்டரிடம் கேட்டால், "இன்டர்வியூ முடிந்ததும் கமிட்டி முடிவு செய்யும்" என்கிறார். ஆனால் லெவல் முடிவானால் சம்பள வரம்பும் அதோடு முடிவாகிவிடும், அப்புறம் பேரம் பேச பெரிதாக இடம் இருக்காது.

என் வேலை இதுதான்: ஆறு பேர் டீமுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது, கோடு ரிவ்யூ, கிளையன்ட் அழைப்புகள். பேமென்ட் சர்வீஸ் ஒன்றை மோனோலித்திலிருந்து பிரித்தபோது டிசைன் முழுக்க என்னுடையது. மற்ற ப்ராஜெக்ட்களில் ஆர்கிடெக்சர் கிளையன்ட் தரப்பிலிருந்தே வந்துவிடும். டீமை நடத்தியதைவிட அந்த ஒரு டிசைன்தான் சீனியருக்குச் சாட்சி என்று எனக்குப் படுகிறது.

சர்வீஸிலிருந்து இப்படி மாறியவர்கள் சொல்லுங்கள்: இந்த ஒரு டிசைனை வைத்து, சுற்றுகள் தொடங்கும் முன்பே சீனியர் லூப் கேட்கலாமா?