குளியலறைப் பாம்பு: கட்டுவிரியனா, ஓநாய்ப்பாம்பா?

கொல்லைப்புறம்: நேற்று ராத்திரி குளியலறை மூலையில் இது கிடந்தது. வால் பக்கம் வாளிக்கு அடியில் இருக்கிறது. தரை ஓடு ஒரு அடி, அதை வைத்துப் பார்த்தால் பாம்பு ஒன்றரை அடி இருக்கும். விஷமா இல்லையா, படத்தைப் பார்த்து யாராவது சொல்லுங்கள்.

மரநிழல்: தலை முக்கோணமாக இல்லை. விஷப்பாம்பு இல்லை. ஓநாய்ப்பாம்பு, வீட்டுச் சுவரில் பல்லி பிடிக்க வரும். துடைப்பத்தால் வெளியே தள்ளிவிட்டுத் தூங்குங்கள்.

கீரிப்பிள்ளை: ஐயா, துடைப்பத்தைக் கீழே வையுங்கள். தலை முக்கோணம் என்பது கண்ணாடிவிரியனுக்கும் சுருட்டைவிரியனுக்கும் சரி. நல்லபாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் தலை முக்கோணமா? கழுத்தைவிட லேசாக அகலம், அவ்வளவுதான். நம்மூரில் ஆளைக் கொல்லும் நாலு பாம்பில் இரண்டை இந்த ஒரு விதியாலேயே தவறவிடுகிறீர்கள். விஷமே இல்லாத தண்ணீர்ப்பாம்பைச் சீண்டிப் பாருங்கள், தலையையும் கழுத்தையும் தட்டையாக்கிக்கொண்டு உங்கள் முக்கோணத்தைக் காட்டும். இந்தப் படத்தில் இருப்பது கட்டுவிரியன் குட்டி.

மரநிழல்: தலையை விடுங்கள். முதல் பட்டை எங்கே ஆரம்பிக்கிறது? கழுத்துக்குப் பக்கத்திலேயே வெள்ளை தெரிகிறது. கட்டுவிரியனுக்கு முன்பக்கம் பட்டை இருக்காது, பின்னால் போகப்போகத்தான் தெளியும். ஓநாய்ப்பாம்புக்குத்தான் கழுத்திலேயே ஆரம்பித்து வால் பக்கம் மங்கும். இது பாலபாடம்.

கீரிப்பிள்ளை: பாதிப் பாடம். நீங்கள் சொல்வது வளர்ந்த கட்டுவிரியனுக்கு. குட்டியாக இருக்கும்போது முன்பக்கமும் வரிகள் நன்றாகத் தெரியும். வயதாக ஆகத்தான் அவை உடைந்து புள்ளியாகி மறையும். ஒன்றரை அடிப் பாம்பிடம் போய்ப் பெரிய பாம்பின் அடையாளத்தைக் கேட்கிறீர்கள்.

வயக்காட்டுக்காரி: எங்கள் அத்தைக்கு நடந்ததைச் சொல்கிறேன். மழைக்காலம், தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தார். விடியற்காலையில் வயிற்றுவலி என்றார். கடித்த தடம் எதுவும் தெரியவில்லை, வலித்ததாகவும் சொல்லவில்லை. வயிற்றுப்புண் என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம் இமை தூக்க முடியவில்லை, பேச்சுக் குழறியது. வேறு ஆஸ்பத்திரியில்தான் பாம்புக்கடி என்று கண்டுபிடித்து விஷமுறிவு மருந்து ஏற்றி, மூச்சுக்கு மிஷின் வைத்தார்கள். பிழைத்துவிட்டார். பாயைத் தூக்கினால் அடியில் இதே மாதிரி ஒன்று.

மரநிழல்: அத்தை பிழைத்ததில் சந்தோஷம் அம்மா. ஆனால் இந்தப் படத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? முதல் பட்டை கழுத்தில் இருக்கிறதா இல்லையா? அதற்கு மட்டும் பதில் வேண்டும்.

கீரிப்பிள்ளை: சரி, படத்தைப் பெரிதாக்கித்தான் பார்ப்போம். கழுத்தில் இருப்பது பட்டையே இல்லை. தலைக்கு இரண்டு விரல் தள்ளி, முதுகின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஓநாய்ப்பாம்பின் முதல் பட்டை இப்படியா இருக்கும்? கழுத்துப்பட்டி கட்டியது போல அகலமாக இருக்கும், பக்கவாட்டில் இறங்கும்போது இன்னும் விரிந்து கிளை விடும்.

அடுத்து, வாளிக்குப் பக்கத்தில் உள்ள மடிப்பு. அங்கே வரிகள் மெல்லிசு, இரண்டிரண்டாகச் சேர்ந்து வருகின்றன, ஒரு ஜோடி, கொஞ்சம் கறுப்பு, மறுபடி ஒரு ஜோடி. வால் பக்கம் போகும்போது வெள்ளை மங்கவில்லை, கூர்மையாகிறது.

கடைசியாக முதுகு. நடுவரிசைச் செதில்கள் பக்கத்துச் செதில்களைவிடப் பெரிசு, ஆறு பக்கம் உள்ளவை. ஃபிளாஷ் வெளிச்சம் பட்ட இடத்தில் ஏழெட்டுச் செதில் தெளிவாகத் தெரிகிறது. ஓநாய்ப்பாம்புக்கு முதுகு நடுவில் அப்படித் தனி வரிசை கிடையாது, எல்லாம் ஒரே அளவு. பட்டை வயதுக்கு ஏற்ப மாறும், சில கட்டுவிரியனுக்குப் பட்டையே இருக்காது. செதில் மாறாது.

பல்லிமுட்டை: அண்ணே, பூண்டு கரைத்துத் தெளித்தால் வராது என்கிறார்களே, உண்மையா?

மரநிழல்: செல்போன் படத்தில் செதில் எண்ணுகிறாராம்! நான் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது, உங்களுக்கு மட்டும் ஆறு பக்கம் தெரிகிறதோ? போன மழைக்காலத்தில் ஒரு மண்ணுளிப் படத்தைப் பார்த்துக் கண்ணாடிவிரியன் என்று ஊரையே கூட்டியவர் யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

கீரிப்பிள்ளை: அந்தப் படம் மங்கல், செதிலே தெரியவில்லை. கண்ணாடிவிரியனாக இருக்கலாம், கிட்டே போகாதீர்கள் என்றுதான் எழுதினேன். மண்ணுளியை விரியன் என்று நினைத்தால் ஒரு மண்ணுளிக்குத்தான் கஷ்டம். கட்டுவிரியனைத் துடைப்பத்தால் தள்ளச் சொன்னால் யாருக்குக் கஷ்டம்?

செதில்நோக்கி: இரண்டு பேரும் மூக்கைப் பார்க்கவில்லையே. ஓநாய்ப்பாம்புக்கு மூக்கு சப்பையாக, கரண்டி போல் முன்னால் நீண்டிருக்கும். இங்கே மழுங்கலாக உருண்டிருக்கிறது. ஆனாலும் படம் நேர் மேலிருந்து எடுத்தது, தட்டையா இல்லையா என்று பக்கவாட்டில் பார்த்தால்தான் அடித்துச் சொல்லலாம். நிறத்தை நம்ப வேண்டாம். ஃபிளாஷ் போட்டால் கறுப்பும் பழுப்பாகத் தெரியும். ஓநாய்ப்பாம்பு வகையிலேயே கறுப்பில் வெள்ளைப் பட்டை போட்டதும் ஒன்று உண்டு.

மரநிழல்: பார்த்தீர்களா, அவரே அடித்துச் சொல்ல முடியாது என்கிறார்.

செதில்நோக்கி: மூக்கைப் பற்றித்தான் சார் சொன்னேன். முதுகுச் செதில் எனக்கும் தெரிகிறது.

மரநிழல்: வாலுக்கு அடியில் செதில் ஒற்றையா இரட்டையா என்று பார்த்தால் முடிந்தது கதை. கட்டுவிரியனுக்கு ஒற்றை. கொல்லைப்புறம், குச்சியால் லேசாகப் புரட்டி ஒரு படம் எடுங்கள்.

கீரிப்பிள்ளை: அடையாளம் சரி, யோசனை மகா மோசம். வாலடியைச் செத்த பாம்பிலோ உரித்த சட்டையிலோதான் பார்க்க வேண்டும். செத்ததிலும் கையை விட்டுப் பார்க்காதீர்கள், தலை கொஞ்ச நேரம் கடிக்கும். சட்டை கிடைத்தால் நல்லது, அதில் முதுகு நடுவரிசையும் அப்படியே பதிந்திருக்கும். குட்டிதானே என்று யாரும் நினைக்க வேண்டாம், முட்டையை விட்டு வரும்போதே அதற்கு விஷம் உண்டு.

மரநிழல்: 1978-இல் இருளர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து பாம்பு பிடிக்கிறார்கள். அவர்கள் ஆறு பக்கம் எண்ணிக்கொண்டா நிற்கிறார்கள்? பார்த்ததும் சொல்வார்கள். உங்களைப் போல் கட்டுரை எழுத மாட்டார்கள்.

கீரிப்பிள்ளை: அவர்கள் தடத்தையும் பொந்தையும் பார்த்தே சொல்வார்கள், பத்மஸ்ரீ சும்மா கொடுக்கவில்லை. அவர்கள் கண் உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அதனால்தான் செதிலைப் பார்க்கிறேன்.

வயக்காட்டுக்காரி: முதலில் அந்த மனுஷரிடம் பாம்பு இப்போது எங்கே என்று கேளுங்கள் ஐயா.

கொல்லைப்புறம்: நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் போகும் ஓட்டை வழியாகப் போய்விட்டது.

கீரிப்பிள்ளை: அந்த ஓட்டைக்குக் கம்பிவலை போடுங்கள். வலை போடும்வரை யாரும் தரையில் படுக்க வேண்டாம், கட்டிலில் படுத்து, கொசுவலையை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள். மறுபடி தெரிந்தால் கதவைச் சாத்திவிட்டு வனத்துறைக்கோ தீயணைப்புக்கோ சொல்லுங்கள்.

பல்லிமுட்டை: பூண்டு?

கீரிப்பிள்ளை: ரசத்துக்குப் போடுங்கள்.

மரநிழல்: பாம்பு போய்விட்டது, இனி யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். என் கேள்வி அப்படியே நிற்கிறது. கழுத்தில் வெள்ளை இருக்கிறது, அதைப் புள்ளி என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கீரிப்பிள்ளை: புள்ளிதான்.

மரநிழல்: பட்டை.